பேரன் மூக்கில் இரண்டு சொட்டு, பாட்டிக்கு என்ன லாபம்?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். பையன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் மூக்கில் அடிக்கிற ஃப்ளூ தடுப்பு மருந்து கொடுக்கச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்திருக்கு. அவனுக்குக் காய்ச்சல் வந்தா மூணு நாள்ல எழுந்து ஓட ஆரம்பிச்சிடுறான். எங்க கூட இருக்கிற அம்மாவுக்கு 74 வயசு, சர்க்கரை இருக்கு, வருஷா வருஷம் அவங்களே ஊசி போட்டுக்கிறாங்க. பையனுக்குப் போட்டா பெரியவங்களுக்கும் பாதுகாப்புன்னு சொல்றாங்களே, அது நிஜமா? எப்படி?

பதில்:

நிஜம்தான். அது இரண்டு வழியாக வருகிறது. உங்கள் பையன் காய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது ஒன்று. அவன் பள்ளியில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்டால் அந்த வட்டாரத்திலேயே ஃப்ளூ பரவும் வேகம் குறைவது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது. கோவிட் காலத்தில் 'மந்தை எதிர்ப்புத்திறன்' என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். மந்தை என்ற சொல் காதுக்கு உவப்பாக இல்லாததால் கூட்டுப் பாதுகாப்பு என்றே சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்மாவின் ஊசியைப் பார்ப்போம். தடுப்பூசி தானாக எதையும் தடுப்பதில்லை. அதைப் பார்த்து உடல் எதிர்ப்பொருள் செய்ய வேண்டும். வயதாக ஆக அந்தச் செய்யும் திறன் மங்கிவிடுகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, எதிர்வினையைத் தூண்டிவிடும் துணைப்பொருள் கலந்த தனி ஊசியைப் போடுகிறார்கள். அப்படியும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற அளவு பாதுகாப்பு பெரியவருக்குக் கிடைப்பதில்லை, கிடைத்ததும் சில மாதங்களில் தேய்கிறது. ஃப்ளூவால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். ஆக, யாருக்கு ஆபத்து அதிகமோ அவரிடம் தடுப்பூசி சுமாராக வேலை செய்கிறது. யாருக்கு ஆபத்து குறைவோ அவரிடம் நன்றாக வேலை செய்கிறது.

அந்த ஆபத்து குறைவான ஆள்தான் நோயை ஊருக்குள் சுமந்து திரிபவரும். ஒரு சாதாரணக் குளிர்காலத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ஃப்ளூ தொற்றினால், பிள்ளைகளில் 20 முதல் 30 பேருக்குத் தொற்றுகிறது. பிள்ளைகளுக்கு முந்தைய ஆண்டுகளின் தொற்று அனுபவம் குறைவு. மூக்கிலிருந்து வெளியேறும் வைரஸின் அளவும் அதிகம், அது வெளியேறும் நாட்களும் அதிகம். பெரியவர் ஐந்தாறு நாளில் நிறுத்துவதைச் சிறு பிள்ளை பத்து நாள் வரைக்கும் தொடரலாம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவதால், 'காய்ச்சல் வந்தா பாட்டி பக்கம் போகாதே' என்று தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. முப்பது பேர் ஒரே அறையில் ஆறு மணி நேரம் தோளோடு தோள் உட்காரும் இடம் பள்ளியைத் தவிர ஊரில் வேறு அதிகம் இல்லை.

இனி ஒரு கணக்கு. தட்டம்மை வந்த ஒருவர் எதிர்ப்பில்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார். அதனால் அதை நிறுத்த நூற்றுக்கு 95 பேர் போட்டிருக்க வேண்டும். பருவகால ஃப்ளூ அப்படியல்ல. ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பு உள்ள ஊரில் ஒருவரிடமிருந்து சராசரியாக 1.3 பேருக்குத்தான் போகிறது. ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக மூன்று நாள் போதும். மாதத்தில் பத்துப் படி. 1.3-ஐப் பத்து முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 14. இன்று ஒரு நோயாளி இருந்தால் மாதக் கடைசியில் 14 புது நோயாளிகள்.

இப்போது பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேர் மருந்து எடுத்தார்கள், அது பத்தில் ஆறு பேரிடம் பலித்தது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 36 பிள்ளைகள் ஆட்டத்திலிருந்து வெளியே. ஊரில் நடக்கும் பரவலில் பாதி பிள்ளைகள் வழியாக நடக்கிறது என்று எடுத்தால், மொத்தப் பரவல் 18 விழுக்காடு குறைகிறது. 1.3 என்பது 1.07 ஆகிறது. அதைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், 2-கூட வராது. முன்பு 14, இப்போது 2. பெரியவர் ஒருவருக்கும் கூடுதலாக ஊசி போடவில்லை. பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் மட்டுமே காக்கப்பட்டிருக்கிறார்கள். இது விளக்கத்துக்கான எளிய கணக்குதான். நிஜத்தில் தொற்றி எழுந்தவர்கள் சேரச் சேர வேகம் தானே குறையும், விடுமுறை குறுக்கே வரும். ஆனாலும் விஷயத்தின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைந்தால் பத்தாவது படியில் நிறையக் குறையும். இதே எண்ணிக்கையிலான மருந்தை முதியோருக்கு மட்டும் போட்டால் இந்த விளைவு வராது, ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். வாங்கிக்கொள்வார்கள், அதிகம் கொடுக்க மாட்டார்கள்.

தாளில் சரி, தரையில் நடந்ததா என்று கேட்பீர்கள். இதற்கு மிகப் பெரிய சாட்சி ஜப்பான். அது தெரியாமல் கிடைத்த சாட்சி.

1957-இல் ஆசியக் காய்ச்சல் என்ற பெரும்பரவல் வந்தபோது, பள்ளிகள்தான் நோயைப் பெருக்குகின்றன என்று ஜப்பானியர் கண்டார்கள். 1962-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போடத் தொடங்கினார்கள். 1977-இல் அது கட்டாயமானது. முதியோருக்கு அல்ல, பிள்ளைகளுக்கு மட்டும். சில ஆண்டுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. பக்கவிளைவு வழக்குகள் வந்தன. கும்மா மாநிலத்தின் மாயெபாஷி நகரில் 1979-இல் ஒரு பிள்ளைக்கு ஊசிக்குப் பின் வலிப்பு வர, நகர மருத்துவர் சங்கம் ஊசியை நிறுத்தியது. பிறகு ஊசி போடாத நகரங்களையும் போட்ட பக்கத்து நகரங்களையும் ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று 1987-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு அரசு, பெற்றோர் விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றது. 1994-இல் திட்டமே போனது.

மாயெபாஷி அறிக்கை பார்த்தது பிள்ளைகளை. எத்தனை பேர் காய்ச்சலால் பள்ளிக்கு வரவில்லை என்ற கணக்கு. காய்ச்சல் என்றால் அதில் ஃப்ளூவும் இருக்கும், வேறு பத்து வைரஸும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் ஃப்ளூ ஊசியின் பலன் நீர்த்துத்தான் தெரியும். அதைவிட முக்கியம், பிள்ளைகளின் வீட்டிலிருந்த தாத்தா பாட்டிகளை யாரும் எண்ணவில்லை.

அந்த எண்ணிக்கை 2001-இல்தான் வெளிவந்தது. ரெய்கெர்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1949 முதல் 1998 வரையிலான ஜப்பான், அமெரிக்க இறப்புப் பதிவுகளை எடுத்து, குளிர்காலத்தில் வழக்கத்துக்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். ஏன் 'வழக்கத்துக்கு மேல்'? ஃப்ளூவில் போகும் முதியவரின் இறப்புச் சான்றிதழில் ஃப்ளூ என்று இருக்காது. நிமோனியா, மாரடைப்பு என்றுதான் இருக்கும். ஆக மிகையைத்தான் எண்ண முடியும். திட்டத்துக்கு முன் ஜப்பானின் மிகை இறப்பு விகிதம் அமெரிக்காவைப்போல் மூன்று நான்கு மடங்கு. பிள்ளைகளுக்கு ஊசி தொடங்கியபின் அமெரிக்க அளவுக்கு இறங்கியது. ஊசி நின்றதும் மறுபடி ஏறியது. அமெரிக்காவில் இந்த ஐம்பது ஆண்டும் விகிதம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தது. அவர்கள் மதிப்பீட்டில், ஊசி போட்ட 420 பிள்ளைகளுக்கு ஒரு உயிர் காக்கப்பட்டது. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 இறப்பு தவிர்ந்தது.

இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. அதே காலத்தில் ஜப்பான் பணக்கார நாடாயிற்று, மருத்துவம் மேம்பட்டது. 1990-களில் முதியோர் எண்ணிக்கையும் கூடியது. நாடு முழுக்க ஒரே சமயத்தில் மாறும்போது எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். இறங்கியதற்குச் செல்வம் காரணம் என்று சொல்லலாம், ஆனால் நிறுத்தியதும் ஏறியதற்குச் செல்வத்தைக் காரணம் காட்ட முடியாது. என் பார்வையில் ஜப்பான் வலுவான அறிகுறி, இறுதித் தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்குக் கொஞ்சம் அருகில் வருவது கனடாவில் நடந்த சோதனை. ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிடோபா மாநிலங்களில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தார் தனித்தனிப் பண்ணைக் குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். நிலம் பொது, சமையல் பொது, சாப்பாடு ஒரே கூடத்தில், பள்ளி குடியிருப்புக்குள்ளேயே. வெளியாட்களோடு கலப்பு குறைவு. ஒரு தொற்று உள்ளே வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் அமையாது. லோப் என்ற மருத்துவரின் குழு 2008 கடைசியில் 49 குடியிருப்புகளை எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கியதுபோல், சில குடியிருப்புகளில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி, மற்றவற்றில் ஃப்ளூவுக்குச் சம்பந்தமில்லாத ஹெபடைட்டிஸ் ஏ ஊசி. எது எந்த ஊசி என்று மக்களுக்குச் சொல்லவில்லை. எல்லாக் குடியிருப்பிலும் ஏதோ ஒரு ஊசி போட்டிருப்பதால் 'நாங்கள் போட்டோம்' என்ற மனநிலை கணக்கைக் கெடுக்காது. காய்ச்சல், இருமல் என்று வந்தவர்களைக் காய்ச்சல் கணக்கில் மட்டும் போடாமல், மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பிசிஆர் செய்து ஃப்ளூ என்று உறுதியானதை மட்டும் எண்ணினார்கள். மாயெபாஷியில் விட்டுப்போன இரண்டும் இங்கே சரிசெய்யப்பட்டன.

ஊசி போடாத மற்றவர்களிடம் பார்த்தது இது. பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில் 1,271 பேரில் 39 பேருக்கு ஃப்ளூ, அதாவது 3.1 விழுக்காடு. மற்ற குடியிருப்புகளில் 1,055 பேரில் 80 பேர், 7.6 விழுக்காடு. அவர்களுக்கு இந்தச் சோதனையின் ஊசி போடவில்லை, ஆனால் ஆபத்து 61 விழுக்காடு குறைந்தது. பிள்ளைகளில் நூற்றுக்கு 83 பேர் போட்டிருந்தார்கள். இந்த 61-க்கு அவர்களே தந்த எல்லை 8 முதல் 83 வரை. அதாவது பலன் உண்டு என்பது ஓரளவு உறுதி, எவ்வளவு என்பது அவ்வளவு உறுதியில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணப்பட்டவர்கள் எல்லா வயதினரும், தாத்தா பாட்டிகள் மட்டும் அல்ல. லண்டன் ஒரு ஹட்டரைட் பண்ணையும் அல்ல, வைரஸ் ரயிலில் ஏறி வேறு திசையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்து 2013-இல் சில வட்டாரங்களில் மட்டும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மூக்கு மருந்து கொடுத்துப் பார்த்தது. 2014-15 பருவத்தில் அங்கே ஏறத்தாழ 57 விழுக்காடு பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். மருந்து கொடுக்காத வட்டாரங்களோடு ஒப்பிட்டால், ஃப்ளூ போன்ற காய்ச்சலோடு ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் போன தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 94 விழுக்காடு குறைவு. வயது வந்தவர்கள் 59 விழுக்காடு குறைவு. மருத்துவமனைச் சேர்க்கை, இறப்பு என்று மேலே போகப் போக வயது வந்தவர்களிடம் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. சில வட்டாரங்களின் ஒரு பருவத்தில் அந்த எண்ணிக்கை சிறியது.

இவை எப்போது பலிக்காமல் போகும்? மருந்தே சரியில்லாதபோது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 2014 முதல் தொடக்கப்பள்ளிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் இரண்டு பருவம் மூக்கு மருந்து. முதியோரிடம் ஒரு பலனும் தெரியவில்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் மூக்கு மருந்தின் எச்1என்1 பகுதி சரியாக வேலை செய்யவில்லை, 2016-17, 2017-18 இரண்டு பருவமும் அங்கே அதைப் பரிந்துரைக்கவே இல்லை. ஓக்லாந்து ஊசிக்கு மாறியதும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஃப்ளூவால் மருத்துவமனை போவது குறைந்தது. அதாவது பிள்ளையின் மூக்கில் மருந்து ஏறியதா என்பது முக்கியமல்ல, பிள்ளைக்கு ஃப்ளூ வராமல் போனதா என்பதுதான் பாட்டியைக் காக்கிறது. பிரிட்டன் தன் சொந்தக் கணக்கில் மூக்கு மருந்து பலிப்பதைப் பார்த்து நிறுத்தாமல் தொடர்ந்தது.

அடுத்தது காலம். மருந்து ஏறியபின் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் வேண்டும். இங்கே ஃப்ளூ பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போகும். சங்கிலி ஓடத் தொடங்கியபின் போட்டால் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் லாபம் உண்டு, ஊருக்கு இல்லை. 2024 முதல் இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குச் செப்டம்பரிலும் முதியோருக்கு அக்டோபரிலும் தொடங்குவது இதை வைத்துத்தான். பிள்ளைகளிடம் சீக்கிரம் வேலி போட வேண்டும். முதியோரிடம் சீக்கிரம் தேய்வதால் உச்சத்துக்கு அருகில் போட வேண்டும். மூன்றாவது, மருந்து எடுப்பவர்களின் பங்கு பள்ளிக்குப் பள்ளி சீராக இல்லாதது. ஒரு பள்ளியில் 80 விழுக்காடு, அடுத்த தெருப் பள்ளியில் 25 என்றால், சராசரி 52 என்று தாளில் அழகாக இருக்கும், நெருப்பு இரண்டாவது பள்ளியில் எரியும். பங்கு குறைவதற்கு எதிர்ப்பு மட்டும் காரணமில்லை. பையின் அடியில் கசங்கிக் கிடந்து கெடு தாண்டிப்போன படிவங்களும் ஒரு காரணம்.

இனி உங்கள் வீட்டுக்கு. மருந்து 0.2 மில்லி, மூக்கின் ஒவ்வொரு துளையிலும் 0.1. ஊசி இல்லை. உடனே தும்மினாலும் மறுபடி கொடுக்கத் தேவையில்லை. ஓரிரு நாள் மூக்கு ஒழுகும், சிலருக்குத் தலைவலி. அது உயிருள்ள வைரஸ்தான், ஆனால் பலவீனமாக்கப்பட்டது. குளிர்ந்த மூக்கில் மட்டும் வளரும்படி பழக்கப்பட்டது, நுரையீரலின் சூட்டில் வளராது. சர்க்கரை உள்ள உங்கள் அம்மா பக்கத்தில் அவன் படுத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. வீட்டில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர்போல எதிர்ப்பு முற்றாக அடங்கியவர் இருந்தால்தான், பிள்ளைக்கு ஊசி கேட்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு வாரம் விலகியிருக்க வேண்டும். மருந்தில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. அது வேண்டாம் என்பவர்களுக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி உண்டு, படிவத்திலோ தொலைபேசியிலோ கேளுங்கள். அண்மையில் மூச்சு இழுப்பு அதிகமாகியிருந்தாலோ, ஆஸ்பிரின் மாத்திரை தொடர்ந்து எடுத்தாலோ படிவத்தில் கண்டிப்பாக எழுதுங்கள். அன்றைக்கு மூக்கு முழுசாக அடைத்திருந்தால் தள்ளிப்போடுவார்கள், விட்டுப்போனவர்களுக்கு வேறு நாள் தருவார்கள்.

அம்மா தன் ஊசியை விடக் கூடாது. கூட்டுப் பாதுகாப்பு ஆபத்தைக் குறைக்கிறது, அழிப்பதில்லை. இத்தனைக்கும் பிறகு வந்தாலும், முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்ச் சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சுக் குழப்பம், சர்க்கரை காரணமில்லாமல் ஏறுவது என்று ஃப்ளூ தலைகாட்டலாம். அப்போது பையனுக்கும் சளி இருக்கிறதா என்பதை ஜி.பி.யிடம் சேர்த்துச் சொல்லுங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும்.